உபுண்டுவை அரசு கையில் எடுத்தால் என்ன ஆகும்? (தென்னாப்பிரிக்க அனுபவம்)

மாலதி

வணக்கம். எங்கள் வாசிப்பு வட்டத்தில் அடுத்த மாதம் உபுண்டுவைப் பற்றிப் பேசப் போகிறோம். ஒருவர் மனிதராக இருப்பது மற்ற மனிதர்களால்தான் என்ற அந்த ஆப்பிரிக்க அறக் கருத்து இங்கே பலருக்கும் தெரிந்திருக்கும். ஒரு குடும்பத்துக்குள், ஒரு ஊருக்குள் அது எப்படி நடக்கும் என்பதை என்னால் எண்ணிப் பார்க்க முடிகிறது.

ஆனால் தென்னாப்பிரிக்கா இதை அரசியலுக்கும் கொண்டுவந்தது. 1993இல் எழுதிய இடைக்கால அரசியல் சாசனத்தின் முடிவுரையில், பழிவாங்கல் வேண்டாம், புரிதல் வேண்டும் என்று சொல்லும் அதே வாக்கியத்தில் உபுண்டுவும் வருகிறது. அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. ஒரு தாய் தானாக முன்வந்து மன்னிப்பது வேறு. அரசு வந்து "நம் பண்பாடு மன்னிக்கச் சொல்கிறது" என்று அவரிடம் சொல்வது வேறு. அரசியல் இலட்சியமாக இது நல்லதுதானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சீராளன்

மாலதி, சிக்கல் அதற்கும் முன்னாலேயே இருக்கிறது. நைஜீரியத் தத்துவவாதி இஃபியானி மென்கிட்டி 1984இல் எழுதிய கட்டுரையைப் படித்துப் பாருங்கள். பிறந்த குழந்தை இன்னும் முழு ஆளாகவில்லை, சமூகத்துக்குள் கடமைகளைச் செய்து செய்துதான் ஒருவர் ஆளாகிறார், அதில் தோற்றுப்போகவும் இடமுண்டு என்கிறார். அப்படியானால் யார் ஆள், யார் இல்லை என்று முடிவு செய்வது யார்? சமூகம். சமூகம் என்றால் நடைமுறையில் பெரும்பான்மை. இப்படி ஒரு கருத்து நீதிமன்றத்துக்குள் நுழைந்தால் தனிமனித உரிமையின் கதை அங்கேயே முடிந்தது.

2008 மே மாதம் ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில் அலெக்சாண்ட்ராவில் தொடங்கிய வன்முறையில் 62 பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பிற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். "நம்மவர்" என்ற வட்டத்துக்கு வெளியே நிற்பவர்களுக்கு உபுண்டு என்ன செய்தது?

லினக்ஸ் பிரியன்

நான் பல வருடமாகக் கணினியில் உபுண்டு என்ற இயங்குதளத்தைத்தான் பயன்படுத்துகிறேன். தலைப்பைப் பார்த்து அரசு அலுவலகங்களில் உபுண்டு போடுவதைப் பற்றிய பேச்சு என்று நினைத்து வந்தேன். 2004இல் அதைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த் தென்னாப்பிரிக்காக்காரர், பெயரும் இந்தக் கருத்திலிருந்து வந்ததுதான். நான் புரிந்துகொண்டது, இருப்பதைப் பகிர்ந்துகொள்வதுதான் உபுண்டு என்று. இதில் அரசு வந்தால் ஏன் பிரச்சினை ஆகிறது?

தர்பன்வாசி

நான் தர்பனில் ஒரு சட்ட உதவி மையத்தில் வேலை பார்க்கிறேன். வீட்டை விட்டு வெளியேற்றப்படும் மக்களின் வழக்குகள்தான் பெரும்பாலும் எங்களிடம் வரும். அதனால் இந்தச் சொல் எனக்குத் தீர்ப்புகள் வழியாகத்தான் பழக்கம்.

லினக்ஸ் பிரியன், ஒரு மென்பொருளை நீங்கள் எனக்குக் கொடுத்தாலும் உங்களிடம் அது குறையாமல் இருக்கிறது. நிலம், வீடு, கொலையாளிக்குத் தண்டனை கேட்கும் உரிமை இவையெல்லாம் அப்படி இல்லை. ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்குக் குறையும். அரசு வரும்போது, யாருக்குக் குறைய வேண்டும் என்று யாராவது முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது. பிரச்சினை அங்கேதான் கிளம்புகிறது.

சீராளன், மென்கிட்டி சொன்னதைச் சரியாகத்தான் சொன்னீர்கள். ஆனால் கானாவின் குவாமே கியெச்சே அதை நேரடியாக மறுத்தார். மனிதர் சமூகத்தில் வளர்கிறார் என்பது உண்மை, ஆனால் அவருடைய மதிப்பைச் சமூகம் கொடுக்கவில்லை, பிறக்கும்போதே அது இருக்கிறது என்றார். தென்னாப்பிரிக்க நீதிமன்றம் எடுத்த பாதை கியெச்சேக்குத்தான் நெருக்கம். 1995 ஜூன் மாதம் அரசியல் சாசன நீதிமன்றம் மரண தண்டனையை ஒழித்தது. மக்வன்யானே வழக்கு என்பார்கள். வழக்குக்கு உரிய இருவரும் நான்கு கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள். மொக்கோரோ, லங்கா, மடாலா உள்ளிட்ட பல நீதிபதிகள் தங்கள் தனித் தீர்ப்புகளில் உபுண்டுவை எடுத்துப் பேசினார்கள். கொலை செய்தவரின் உயிருக்கும் மதிப்பு உண்டு, அரசே திட்டமிட்டு ஒருவரைக் கொல்வது எல்லோரையும் சிறுமைப்படுத்துகிறது என்பது அவர்கள் வாதம்.

அன்றைக்கு மக்களில் பெரும்பாலோர் தூக்குத் தண்டனை வேண்டும் என்று நினைக்கிறார்கள் என்றே அந்தத் தீர்ப்பு எடுத்துக்கொள்கிறது. தெரிந்தே அதற்கு எதிராகப் போகிறது. பெரும்பான்மையின் கையில் உபுண்டு ஆயுதமாகிவிடும் என்ற உங்கள் பயம் வீண் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீதிமன்றத்தில் அது முதன்முதலாகப் பெரிதாக எழுந்தபோது பெரும்பான்மைக்கு எதிராகத்தான் நின்றது.

2008ஐப் பற்றி நீங்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

வன்னிக்காரி

நான் இலங்கையிலிருந்து எழுதுகிறேன். 2014இல் சிறில் ராமபோசா தென்னாப்பிரிக்காவின் சிறப்புத் தூதுவராக இங்கே வந்தவர். அந்த நாட்களில் தென்னாப்பிரிக்க மாதிரி, உண்மை, நல்லிணக்கம் என்று எல்லா இடத்திலும் கதை. உபுண்டு என்ற சொல்லை நான் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான், ஒரு கருத்தரங்கில்.

என்ர அண்ணா 2009 மே மாதத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தாய்மார் தெருவோரத்தில் போராட்டம் தொடங்கினபோது அம்மாவும் போய் இருந்தவ. அந்தக் கருத்தரங்கில் பேசினவர் மன்னிப்பு மனிதத்தை மீட்டுத் தரும் என்றார். நான் எழும்பிக் கேட்டேன்: யாரை மன்னிக்கிறது? என்ன நடந்தது என்று எவரும் இன்னும் சொல்லவில்லையே. ஒருவரும் பதில் சொல்லவில்லை. மாலதி அக்கா கேட்ட கேள்விதான் எனக்கும். அங்கே உண்மையில் என்ன நடந்தது என்று தர்பன் அண்ணா விளங்கப்படுத்துவாரா?

தர்பன்வாசி

வன்னிக்காரி, உங்கள் கேள்வியை அங்கே இருந்த குடும்பங்களும் கேட்டன. நீதிமன்றம் வரைக்கும் போய்க் கேட்டன. என் ஊர் வழக்கு ஒன்றைச் சொல்கிறேன்.

கிரிஃபித்ஸ் எம்செங்கே தர்பனில் வழக்கறிஞர். நிறவெறி அரசு சிறையிலடைத்தவர்களுக்காக வாதாடியவர். 1981 நவம்பரில் காவல்துறையின் இரகசியக் கொலைப்படை அவரைக் கத்தியால் குத்திக் கொன்றது. அவர் மனைவி விக்டோரியாவும் வழக்கறிஞர். 1985இல் அவரையும் கொன்றார்கள்.

1994இல் ஆட்சி மாறியது. 1995இல் வந்த சட்டம் டெஸ்மண்ட் டூட்டு தலைமையில் உண்மை நல்லிணக்க ஆணையத்தை அமைத்தது. குற்றம் செய்தவர் அரசியல் நோக்கத்தோடு செய்தது என்று காட்ட வேண்டும், தெரிந்த உண்மை முழுவதையும் சொல்ல வேண்டும். இரண்டும் இருந்தால் தண்டனை விலக்கு. வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் எங்கேயும் கேட்கவில்லை. பலருக்கு இது தெரியாது. இன்னொன்றும் உண்டு. விலக்குக் கிடைத்துவிட்டால் குற்றவியல் வழக்கு மட்டும் போகாது, இழப்பீடு கேட்டு உரிமையியல் வழக்குப் போடும் வழியும் அடைபடும். அந்தக் குற்றத்துக்காக அரசின் மேலும் வழக்குப் போட முடியாது.

எம்செங்கேயின் சகோதரரும், போலீஸ் காவலில் இறந்த போராளி ஸ்டீவ் பிக்கோவின் மனைவியும், அவர்களைப் போலவே உறவுகளைப் பறிகொடுத்த ரிபேரோ குடும்பமும், அசாப்போ என்ற கட்சியும் சேர்ந்து இதை எதிர்த்தார்கள். 1996 ஜூலையில் தோற்றார்கள். முக்கியத் தீர்ப்பை எழுதிய இஸ்மாயில் முகமது, மாலதி குறிப்பிட்ட அந்த முடிவுரையை எடுத்து வைத்துத்தான் பேசினார். விலக்கு இல்லாவிட்டால் உண்மை வெளியே வராது, சமாதானமான மாற்றமே நடந்திருக்காது, குடும்பங்களுக்கான ஈடு வேறு வடிவில் அரசிடமிருந்து வரலாம் என்றார். கல்நெஞ்சோடு எழுதிய தீர்ப்பு இல்லை அது. குடும்பங்களின் வலி அதில் தெரிகிறது. ஆனாலும் விலையைக் கட்டியவர்கள் அவர்கள்தான்.

அடுத்த வருடம் எம்செங்கே கொலைக்காக டிர்க் குட்சியா என்ற முன்னாள் காவல் அதிகாரியும் இன்னும் இருவரும் நீதிமன்றத்தில் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. தண்டனை அறிவிக்கும் முன்பே, 1997 ஆகஸ்டில், ஆணையம் மூவருக்கும் விலக்குக் கொடுத்துவிட்டது. உண்மை வந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குடும்பம் கேட்டது அதோடு நீதியும்.

ஈடு என்ன ஆனது? ஆறு வருடங்களுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை கொடுக்கச் சொல்லி ஆணையம் பரிந்துரைத்தது. அரசு பல வருடம் இழுத்தடித்து, 2003இல் ஒரே தவணையாக ஆளுக்கு 30,000 ராண்ட் என்று முடித்தது. விலக்குக் கேட்காதவர்கள், கேட்டும் கிடைக்காதவர்கள் மேல் வழக்கு நடக்கும் என்ற உறுதியும் காகிதத்தில் நின்றது. ஏன் நடக்கவில்லை, யாராவது தடுத்தார்களா என்று விசாரிக்க 2025இல்தான் ஆணையம் ஒன்று அமைந்தது, அதுவும் குடும்பங்கள் வழக்குப் போட்ட பிறகு. அதை அமைத்த ஜனாதிபதி, நீங்கள் சொன்ன அதே ராமபோசா.

குற்றவாளிக்குச் சேர வேண்டியது உடனே சேர்ந்தது. குடும்பங்களுக்குச் சேர வேண்டியது குறைந்தும் தாமதமாகியும் வந்தது. என் பார்வையில் இதற்கு உபுண்டு என்று பெயர் வைத்தது தவறு. இழந்தவரிடமே இன்னும் கொடு என்று கேட்டார்கள்.

வன்னிக்காரி

நன்றி அண்ணா. வாசிக்கக் கஷ்டமாக இருந்தது, ஆனால் விளங்கினது. அப்படியென்றால் அங்கே ஒரு தாயும் மனசறிந்து மன்னிக்கவே இல்லையா? எல்லாம் அரசு சொல்லிக் கொடுத்ததுதானா?

தர்பன்வாசி

அப்படியும் இல்லை. 1986 மார்ச்சில் கேப்டவுனுக்குப் பக்கத்தில் குகுலெத்துவில் ஏழு இளைஞர்களைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. அதில் ஒருவர் கிறிஸ்டோபர் பியட். அவருடைய தாய் சிந்தியா ங்கேவு ஆணையத்தின் முன் சொன்னதன் சாரம் இது: நல்லிணக்கம் என்பதை நான் சரியாகப் புரிந்துகொண்டிருந்தால், என் மகனைக் கொன்றவன் மறுபடி மனிதனாவான், அதனால் நாம் எல்லோரும் நம் மனிதத்தைத் திரும்பப் பெறுவோம் என்றால், எனக்குச் சம்மதம்.

அந்தக் கருத்தை இதைவிட முழுமையாகச் சொன்ன எவரையும் நான் படித்ததில்லை. ஆனால் அவர் "என்றால்" என்று சொல்கிறார். கொன்றவன் மனிதனாக வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. சட்டம் அந்த நிபந்தனையை வைக்கவில்லை. அந்தத் தாயின் பேச்சை எல்லா மேடையிலும் சொன்னவர்கள், பிக்கோவின் மனைவியையும் எம்செங்கேயின் சகோதரரையும் மனம் இறுகியவர்கள் மாதிரி ஆக்கிவிட்டார்கள். அது எனக்கு இன்னும் கோபம் தரும் விஷயம்.

மாலதி

அப்படியானால் அரசியல் இலட்சியமாக அது தோற்றது என்றே வாசிப்பு வட்டத்தில் சொல்லிவிடலாமா? அது சரியாக வேலை செய்த இடம் ஏதாவது உண்டா?

தர்பன்வாசி

உண்டு. பெரிய மேடையில் இல்லை, வெளியேற்ற வழக்குகளில். 2004 அக்டோபரில் வந்த போர்ட் எலிசபெத் நகராட்சி வழக்கைச் சொல்கிறேன். சட்ட நுணுக்கம் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லொரெய்ன் என்ற பகுதியில் தனியாருக்குச் சொந்தமான, பயன்படுத்தாமல் கிடந்த நிலம். அதில் 29 குடிசைகள், 68 பேர், அதில் 23 குழந்தைகள். இரண்டு வருடம் முதல் எட்டு வருடம் வரை அங்கே இருந்தவர்கள். அக்கம்பக்கத்தார் 1,600 பேர் கையெழுத்துப் போட்டு அவர்களை அகற்றச் சொன்னார்கள். நகராட்சி வழக்குப் போட்டது. குடிசைவாசிகள் போகமாட்டோம் என்று சொல்லவில்லை. தகுந்த அவகாசமும் வேறு இடமும் கொடுங்கள், போகிறோம் என்றார்கள். நகராட்சி வால்மர் என்ற இடத்தைக் காட்டியது. அங்கே குற்றம் அதிகம், நெரிசல், அங்கேயிருந்தும் நாளைக்குத் துரத்தமாட்டீர்கள் என்று என்ன நிச்சயம் என்று மறுத்தார்கள். இவர்களுக்குத் தனியாக நிலம் கொடுத்தால் வீட்டுக்காகக் காத்திருப்பவர்களின் வரிசையைத் தாண்டவிட்டதாகும் என்றது நகராட்சி.

நிறவெறிக் காலமாக இருந்திருந்தால் இது வழக்காகவே ஆகியிருக்காது. 1951இல் வந்த சட்டப்படி அனுமதியில்லாமல் குடியிருப்பதே குற்றம், குடிசையை இடிப்பதுதான் தீர்வு. புதிய அரசியல் சாசனத்தின் 26ஆம் பிரிவும் 1998இல் வந்த சட்டமும் அதை மாற்றின. நீதிமன்ற ஆணை இல்லாமல் யாரையும் வெளியேற்றக் கூடாது, ஆணை கொடுப்பது எல்லாச் சூழ்நிலையையும் பார்த்தால் நியாயமா என்று நீதிபதி எடைபோட வேண்டும்.

தீர்ப்பை எழுதிய ஆல்பி சாக்ஸ் உபுண்டுவைப் பயன்படுத்திய விதத்தைப் பாருங்கள். யாரையும் மன்னிக்கச் சொல்லவில்லை, யாரையும் நல்லவராக இருக்கச் சொல்லவில்லை. அரசியல் சாசனம் முழுவதிலும் அந்த உணர்வு ஊடுருவியிருக்கிறது என்றார். பிறகு அதிலிருந்து மூன்று கேள்விகளுக்கு வந்து சேர்ந்தார். இவர்களோடு நகராட்சி உட்கார்ந்து பேசியதா? இல்லை. நடுநிலையான ஒருவரை வைத்துச் சமரசம் முயன்றதா? இல்லை. அந்த நிலம் உரிமையாளருக்கோ நகராட்சிக்கோ அவசரமாகத் தேவையா? அதற்கும் ஆதாரம் இல்லை. அதனால் வெளியேற்ற ஆணை கிடையாது.

மாற்று இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்று எல்லா வழக்குக்கும் பொதுவான விதி ஒன்றையும் அவர் போடவில்லை. ஆனால் நிலைபெற்றுவிட்ட ஒரு குடும்பத்தை, போக இடமில்லை என்று தெரிந்தே தெருவில் விடுவதற்கு நீதிமன்றம் தயங்க வேண்டும் என்றார். இன்றைக்கும் எங்கள் மையத்தில் ஒரு கோப்பைத் திறந்தால் நாங்கள் முதலில் தேடுவது நகராட்சி மக்களோடு பேசியதற்கான எழுத்து ஆதாரத்தைத்தான். வெறுமனே ஒட்டிவிட்டுப் போன அறிவிப்பு பேச்சுவார்த்தை ஆகாது.

குமரேசன்

ஐயா, எனக்கும் ஊரில் ஒரு மனை இருக்கிறது. அப்பா சேமித்து வாங்கியது. வேலை நிமித்தமாக நான் வெளியூரில் இருந்தபோது இரண்டு குடும்பங்கள் வந்து கொட்டகை போட்டுவிட்டார்கள். கேட்டால் ஏழைகள் என்கிறார்கள். உண்மையில் ஏழைகள்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு வீடு கொடுக்க வேண்டியது என் அப்பாவின் சேமிப்பா? நீங்கள் சொல்லும் தீர்ப்பில் நில உரிமையாளர் மனிதர் இல்லையா?

தர்பன்வாசி

நியாயமான கேள்வி, குமரேசன் அண்ணே. இதே கேள்வி 2011இல் ப்ளூ மூன்லைட் வழக்கில் வந்தது. ஜோகன்னஸ்பர்க்கில் பழைய கட்டடம் ஒன்றில் 86 பேர் குடியிருந்தார்கள். வாங்கிய நிறுவனம் அதைக் கட்டி எழுப்ப நினைத்தது. தனியார் வெளியேற்றினால் அது எங்கள் பொறுப்பு இல்லை என்றது மாநகராட்சி. நீதிமன்றம் இரண்டு பக்கமும் சொன்னது. உரிமையாளர் கொஞ்ச காலம் பொறுக்க வேண்டியிருக்கும், ஆனால் காலவரையில்லாமல் இலவச வீடு கொடுக்கும் கடமை அவருக்கு இல்லை. தற்காலிகத் தங்குமிடம் கொடுக்க வேண்டியது மாநகராட்சி. அந்த இடம் தயாராவதற்கும் வெளியேறுவதற்கும் தேதி குறித்து ஆணை போட்டது. ஆக உங்கள் மனை உங்களுக்குத்தான் வரும், அதுவரை சும்மா இருக்கும் உரிமை அரசுக்குக் கிடையாது.

இது நம் ஊரில் செல்லும் சட்டம் இல்லை, உங்கள் மனைக்கு உள்ளூர் வழக்கறிஞரைத்தான் பார்க்க வேண்டும்.

நடைமுறையில் கெட்டுப்போகும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். மாநகராட்சிகள் குறித்த தேதியில் இடம் தருவதில்லை. ஜோகன்னஸ்பர்க்கில் வேறொரு வழக்கில், ஆணை நிறைவேறாததால் மேயரும் நகர ஆணையரும் நேரடியாகப் பொறுப்பெடுத்து நிறைவேற்ற வேண்டும் என்று 2013இல் உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று. அதற்குள் உரிமையாளரும் தவிக்கிறார், குடியிருப்பவரும் தவிக்கிறார்.

குமரேசன்

பொறுப்பு அரசுடையது என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "கொஞ்ச காலம்" என்பது எத்தனை வருடம் என்று யாரும் சொல்வதில்லையே.

சீராளன்

மக்வன்யானே பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் போர்ட் எலிசபெத் வழக்கில் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. 26ஆம் பிரிவும் 1998 சட்டமும் இருக்கும்போது உபுண்டு என்ற சொல்லை எடுத்துவிட்டாலும் அதே தீர்ப்பு வந்திருக்கும் இல்லையா? 1996இல் வந்த இறுதி அரசியல் சாசனத்தில் அந்தச் சொல்லே இல்லை. பெர்னார்ட் மட்டோலினோவும் வென்செஸ்லாஸ் க்விண்டிங்வியும் 2013இல் எழுதியது நினைவுக்கு வருகிறது. சிறிய, நெருக்கமான சமூகங்களில் பிறந்த கருத்தைப் பெரிய நவீன அரசுக்கு மேலிருந்து பொருத்தப் பார்த்தார்கள், அதன் காலம் முடிந்தது என்றார்கள். தாடியஸ் மெட்ஸ் மறுப்பு எழுதினார், ஆய்வு இப்போதுதான் தொடங்குகிறது என்று. எனக்கு முதல் தரப்புதான் சரியாகப் படுகிறது. நீங்கள் சொன்ன நல்ல உதாரணத்தில் சட்டம்தான் வேலை செய்கிறது, சொல் அலங்காரமாக நிற்கிறது.

தர்பன்வாசி

பாதி ஒத்துக்கொள்கிறேன். சட்டம் இல்லாமல் சொல் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதை ஈட்டுத் தொகை விஷயத்தில் பார்த்தோம். ஆனால் அந்த 1998 சட்டம் நீதிபதியிடம் "நியாயமா என்று பார்" என்கிறது, எதை வைத்துப் பார்ப்பது என்று சில குறிப்புகளைக் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறது. சொத்துரிமையை மட்டும் படித்து வளர்ந்த நீதிபதிக்கு நியாயம் என்பது பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதோடு முடிந்துவிடும். பேச்சுவார்த்தை நடந்ததா என்ற கேள்வியை சாக்ஸ் அந்த அளவுக்கு முன்னால் கொண்டுவந்ததற்கு, எதிரே நிற்பவர் வெறும் ஆக்கிரமிப்பாளர் இல்லை, நம்மோடு பிணைந்த ஒருவர் என்ற எண்ணம் வேண்டியிருந்தது. அதை வேறு பெயரிலும் சொல்லலாம், சரி. அந்த நாட்டு மக்களுக்கு அந்தப் பெயர்தான் தெரியும்.

சீராளன்

நான் இன்னும் உறுதியாக நம்பவில்லை. தீர்ப்பை முழுதாகப் படித்துவிட்டு எழுதுகிறேன்.

வன்னிக்காரி

எனக்கு ஒன்று பிடிபட்டது. அடுத்த முறை எவராவது இங்கே வந்து தென்னாப்பிரிக்க மாதிரி என்றால் நான் கேட்கப்போவது மன்னிப்பைப் பற்றி அல்ல. உண்மை சொல்லாதவருக்கு என்ன நடக்கும், வழக்கு எந்தத் தேதிக்குள் தொடங்கும், ஈடு யார் கொடுக்கிறது, விலக்குக் கொடுக்கும் முன்னமே கொடுப்பார்களா என்று கேட்பேன். அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டினேன். சிந்தியா ங்கேவு சொன்னதைக் கேட்டுவிட்டு, அந்தத் தாய்க்குக் கொன்றவன் ஆரென்றாவது தெரிந்திருக்கே என்றா.

மாலதி

வாசிப்பு வட்டத்தை இரண்டு அமர்வாகப் பிரித்துவிடுகிறேன். முதல் அமர்வில் 1996 தீர்ப்பும் எம்செங்கே வழக்கும், இரண்டாவதில் போர்ட் எலிசபெத். தர்பன்வாசி, தீர்ப்பு முழுவதையும் எல்லோராலும் படிக்க முடியாது. எந்தப் பகுதியை எடுத்துத் தரலாம்?

தர்பன்வாசி

போர்ட் எலிசபெத் தீர்ப்பில் உபுண்டு வருவது 37ஆவது பத்தி. அதை மட்டும் படித்தால் சீராளன் சொல்வது மாதிரி அலங்காரமாகத்தான் தெரியும். அதற்குப் பிறகு சமரசப் பேச்சைப் பற்றியும், கடைசியில் அந்த 68 பேரைப் பற்றியும் வரும் பகுதிகளையும் சேர்த்து எடுங்கள். 1996 தீர்ப்பில் முகமது எழுதியதோடு நிறுத்தாமல் இன்னொரு நீதிபதி டிட்காட் தனியாக எழுதியதையும் கொடுங்கள். முடிவு ஒன்றுதான், காரணங்கள் வேறு. சீராளனுக்கு வாதாட அதில் நிறையக் கிடைக்கும்.